காதுக்குப் பின்னால் ஒட்டும் வாந்தி பேட்ச்: கழற்றிய பிறகும் ஏன் தூக்கமும் கண் மங்கலும்?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பல வீடுகளில் அலமாரி ஓரத்தில் இந்த அட்டைப்பெட்டி கிடக்கும். அமெரிக்காவில் இருக்கும் மகளோ மகனோ ஊருக்கு வரும்போது, வைட்டமின் மாத்திரை, தைலம் இவற்றோடு வாங்கி வந்து வைத்திருப்பார்கள். உள்ளே சிறு காசு அளவுக்கு வட்டமான, தோல் நிறப் பட்டை. “காதுக்குப் பின்னாடி ஒட்டிக்குங்க ஆச்சி, மலை ஏறினாலும் வாந்தி வராது” என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வாந்தி வராது என்பது பெரும்பாலும் உண்மைதான். எப்போது ஒட்ட வேண்டும், எப்போது கழற்ற வேண்டும், கழற்றிய பிறகு எத்தனை மணி நேரம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அங்கேதான் எல்லாத் தொல்லையும்.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்போம். மருந்தின் பெயர் ஸ்கோபொலமைன். ஹையோசின் என்றும் சொல்வார்கள். நமக்குப் புதிதல்ல. சிவன் கோயிலில் சாத்தும் ஊமத்தம் பூவைத் தெரியும் இல்லையா, அந்த ஊமத்தையில் இருக்கும் நஞ்சுகளில் இதுவும் ஒன்று. ஊமத்தங்காயைத் தின்றவருக்கு நாக்கு வறளும், கண்ணின் கருமணி அகலமாக விரியும், பார்வை மங்கும், பேச்சு உளறும் என்று ஊரில் சொல்வார்கள். பேட்ச் போட்டவருக்கு வரும் வாய் வறட்சியும் கண் மங்கலும் தூக்கமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம், அளவு மட்டும் மிகக் குறைவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

உடலில் அசிட்டைல்கோலின் என்று ஒரு தூது வேதிப்பொருள் உண்டு. வளைவுச் சாலையில் வண்டி திரும்பத் திரும்ப, காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. வேனுக்குள் இருக்கும் இருக்கையைப் பார்க்கும் கண்ணோ ‘ஆடவில்லை’ என்கிறது. இந்த முரண்பட்ட செய்தி மூளையின் வாந்தி மையத்தை எட்டுவதற்கு அசிட்டைல்கோலின் தேவை. ஸ்கோபொலமைன் அதன் வழியை மறித்து உட்கார்ந்துகொள்கிறது. வாந்தி வருவதில்லை. ஆனால் அதே அசிட்டைல்கோலின்தான் எச்சில் சுரக்கவும், வியர்வை வரவும், சிறுநீர்ப்பை சுருங்கவும், அருகில் இருக்கும் எழுத்தைப் படிக்கக் கண் தசை இழுக்கவும், மூளை விழிப்பாக இருக்கவும் உதவுகிறது. மருந்துக்கு இவற்றில் எதை மட்டும் தடுப்பது என்ற பகுத்தறிவு கிடையாது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தடுக்கும்.

அமெரிக்காவில் 1979-ல் அனுமதி பெற்ற மருந்து இது. அங்கே மருத்துவர் சீட்டு இருந்தால்தான் தருவார்கள். ஒரு பேட்ச் மூன்று நாட்களில், அதாவது 72 மணி நேரத்தில், ஏறக்குறைய 1 மில்லிகிராம் மருந்தைத் தோல் வழியாக உள்ளே விடும்படி செய்யப்பட்டது. பட்டையின் வெளிப்புறம் மெல்லிய மறைப்புப் படலம். அதன் உள்ளே மருந்துக் கிடங்கு. கிடங்குக்குக் கீழே நுண்துளைகள் கொண்ட சவ்வு. அதற்கும் கீழே ஒட்டும் பசை. எவ்வளவு வேகமாக மருந்து கசிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சவ்வு. அதனால்தான் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டிப் பாதியை மட்டும் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. வெட்டிய ஓரத்தில் சவ்வு காவல் காக்காது. அளவு கட்டுப்பாடு போய்விடும்.

காதுக்குப் பின்னால் ஒட்டச் சொல்வதைப் பார்த்து, உள்காதுக்குப் பக்கத்தில் இருப்பதால் நேராக அங்கே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்த இடத்துத் தோல் மருந்தை நன்றாக உள்ளே விடும், அவ்வளவுதான். மருந்து முதலில் இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றித்தான் மூளைக்குப் போகிறது.

இனி முக்கியமான விஷயம், நேரக் கணக்கு. ஒட்டியவுடன் வேலை செய்யும் மருந்தல்ல இது. குறைந்தது 4 மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும். வேனில் ஏறி, வத்தலகுண்டு தாண்டி, வயிற்றைப் பிரட்டத் தொடங்கிய பிறகு ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை; சாயங்காலம் கொடைக்கானலில் ஏரியைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது தூக்கம் மட்டும் வரும். இரத்தத்தில் மருந்தின் அளவு மெல்ல ஏறி, சராசரியாக ஒரு நாள் கழித்துத்தான் உச்சத்தைத் தொடுகிறது. இறங்குவதும் அதேபோல மெதுவாக. பேட்ச்சைப் பிய்த்து எறிந்த பிறகு இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 9.5 மணி நேரம் ஆகிறது. மாத்திரையைப் போல ஒரு வேளையோடு முடிகிற கதை இல்லை. ஏற்கெனவே தோலுக்குள் ஊறியிருக்கும் மருந்தும் சிறிது நேரம் இரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரைக்குடியில் இருந்து ஒரு குடும்பம் மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை 5 மணிக்கு வேனில் கிளம்புகிறது. திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல், இரண்டு இரவு தங்கல், ஞாயிறு மதியம் இறக்கம். குடும்பத்தில் 63 வயது ஆச்சி ஒருவருக்கு மலைச்சாலை என்றாலே குமட்டல். பேட்ச் ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை இரவு 9 மணிக்கு ஒட்டிவிட்டுப் படுக்கிறார். நல்ல நேரம்தான்: கிளம்பும்போது 8 மணி நேரம் ஆகியிருக்கும், மலை வளைவுகள் தொடங்கும் 10 மணி வாக்கில் 13 மணி நேரம். வயிறு அமைதியாக இருக்கும்.

ஆனால் உச்சம் எப்போது? வெள்ளி இரவு 9 மணி வாக்கில். மலை ஏறி முடித்து, விடுதியில் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் நேரம். அதாவது மருந்து தேவைப்பட்டது இரண்டு மணி நேரத்துக்கு; ஆனால் மருந்தின் முழு வலுவும் தேவையே இல்லாத நேரத்தில் வருகிறது. ‘ஆச்சி ஏன் இப்படிச் சாய்ந்து சாய்ந்து விழுகிறார், களைப்பா?’ என்று வீட்டார் கேட்பார்கள். களைப்பும் இருக்கலாம், ஆனால் பெரும்பங்கு மருந்துக்கு. மருந்தாய்வுகளில் மூன்றில் இரண்டு பேருக்கு வாய் வறண்டது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குத் தூக்கக் கலக்கம் வந்தது. வயதானவருக்கு இந்தக் கலக்கம் அதிகம் தெரியும்.

சனிக்கிழமை காலை. ஆச்சி குளித்துவிட்டுக் கொண்டை போடுகிறார். கொண்டை ஊசியைச் செருகும்போது வலது காதுக்குப் பின்னால் இருக்கும் பேட்ச்சின் ஓரம் விரலில் தட்டுப்படுகிறது. ஓரம் லேசாகத் தூக்கி இருப்பதாகத் தோன்ற, விரலால் அழுத்திச் சரிசெய்கிறார். பின் வாசலில் வந்து நிற்க, குளிர் காற்றில் கண்ணில் நீர் வருகிறது. அதே விரலால் வலக் கண்ணைத் துடைக்கிறார். ஒரு மணி நேரத்தில் வலக் கண் கூசுகிறது, அருகில் உள்ள எழுத்து மசமசவென்று தெரிகிறது. பேத்தி முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆச்சி, உங்க வலது கண்ணுல கருப்பு பெருசா இருக்கு, இடதுல சின்னதா இருக்கு” என்கிறாள். வீடே பதறுகிறது. ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரிந்தால் பக்கவாதம், மூளையில் இரத்தக்கசிவு என்று எல்லோருக்கும் கேள்விப்பட்ட பயம். பயப்படுவது தவறும் இல்லை.

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. கண் மங்குவதற்கு இந்த பேட்ச்சில் இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று, இரத்தம் வழியாக. அது இரண்டு கண்ணையும் ஒரே மாதிரி பாதிக்கும், மெதுவாக, நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வரும். அருகில் பார்க்கும்போதுதான் மங்கல். தூரத்தில் உள்ள பலகை நன்றாகத் தெரியும். கண்ணின் வில்லையை வளைக்கும் தசை சோம்பிப்போனதுதான் காரணம். அதனால்தான் 25 வயதுப் பையன் திடீரென்று செல்போனைப் படிக்க முடியவில்லை என்று பதறுவான். வாசிப்புக் கண்ணாடி போட்டுப் பழகிய 63 வயது ஆச்சிக்கு அது அவ்வளவாகத் தெரியாது. அந்தத் தசையின் சக்தி அவருக்கு வயதினாலேயே குறைந்திருக்கிறது, இழக்க அதிகம் இல்லை. அவர் கவனிப்பது வெளிச்சக் கூச்சத்தைத்தான். விரிந்த கண்மணியால் வெயில் தாங்காது. 

இரண்டாவது பாதை, விரல் வழியாக. பேட்ச்சைத் தொட்ட விரலால் கண்ணைத் தொட்டால், மருந்து நேரடியாகக் கண்ணில் போய்ச் சேர்கிறது. கண்ணுக்கு மருந்துச் சொட்டு போட்டதற்குச் சமம். ஒரு கண் மட்டும், சட்டென்று, கருமணி நன்றாக விரிந்து நிற்கும். டார்ச் அடித்தாலும் அது சுருங்காது. இது நாள் கணக்கில், சிலருக்கு ஒரு வாரம் வரைகூட நிற்கலாம். பேட்ச்சைக் கழற்றிய உடனே சரியாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது; அதற்கு இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவோடு சம்பந்தமே இல்லை. கண்ணில் பட்ட மருந்து கண்ணிலேயே தங்கி, தானாகத் தேய்ந்துதான் போக வேண்டும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் செய்யக்கூடியது.

பக்கவாதமோ என்று சந்தேகம் வந்தால் வீட்டில் சிறு சோதனை செய்யலாம். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையும் தூக்கினால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா? எதுவும் இல்லை, ஆளும் தெளிவாகப் பேசுகிறார், பேட்ச்சைத் தொட்ட ஞாபகமும் இருக்கிறது என்றால், மருந்து என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது. காட்டும்போது முதல் வார்த்தையே காதுக்குப் பின்னால் பேட்ச் இருக்கிறது என்பதாக இருக்கட்டும். முடி மறைத்திருக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள். அதைச் சொல்லாததால்தான் தேவையில்லாத சி.டி. ஸ்கேன்கள் நடக்கின்றன. கண் மருத்துவரிடம் இதற்கென்று ஒரு சோதனை உண்டு: பைலோகார்பைன் என்ற சொட்டு போட்டால் சாதாரணமாகக் கண்மணி சுருங்கும், மருந்தால் மறிக்கப்பட்டிருந்தால் சுருங்காது. மாறாக, கண் சிவந்து கடுமையாக வலிக்கிறது, தலையும் வலிக்கிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, வாந்தி வருகிறது என்றால் வீட்டுச் சோதனையெல்லாம் வேண்டாம். கண் நீர் அழுத்தம் ஏறும் குறுங்கோணக் கிளாக்கோமா அப்படித்தான் வரும். அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி. இந்த வகைக் கிளாக்கோமா இருப்பவர்கள் பேட்ச்சைத் தொடவே கூடாது.

இத்தனையும் ஒரு விரல் செய்த வேலை. ஒட்டியவுடனும், கழற்றியவுடனும், நடுவில் தொட்டால் அப்போதும், சோப்புப் போட்டுக் கை கழுவினால் பாதிப் பிரச்சினை வராது. ஒட்டும் இடத்திலும் ஒரு கவனம் வேண்டும். நம் பக்கம் தலைக்கு எண்ணெய் தேய்க்காத நாள் குறைவு. காதுக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது, ஓரம் தூக்கும், விரல் அங்கே போகும். அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, முடியில்லாத, காயமில்லாத தோலில் வைத்து, சில நொடிகள் அழுத்திவிட வேண்டும். கண்ணாடி போடுபவர்கள் அதன் கால் உரசாத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்துவிட்டால் அதையே திரும்ப ஒட்டாமல் எறிந்துவிட்டு, புதிய ஒன்றை மறுகாதின் பின்னால் ஒட்டுவதுதான் முறை. ஒரே நேரத்தில் இரண்டு ஒட்டக் கூடாது.

நம் பயணத்துக்கே வருவோம். ஞாயிறு காலை 11 மணிக்குக் கொடைக்கானலில் இருந்து இறக்கம். மதியம் 1 மணி வாக்கில் வத்தலகுண்டு வந்துவிட்டது, வளைவுகள் முடிந்தன. பேட்ச்சை எப்போது கழற்றுவது? “மூன்று நாள் ஆகட்டும், இரவு 9 மணிக்குத்தான்” என்று பெட்டியில் இருப்பதைப் பிடிவாதமாகப் பின்பற்ற வேண்டியதில்லை. 72 மணி நேரம் என்பது அதிகபட்சம், கட்டாயம் இல்லை. இரத்தத்தில் ஏற்கெனவே போதுமான மருந்து இருப்பதால், மலையடியில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போதே கழற்றிவிடலாம். வீட்டுக்குப் போகும் சமவெளிச் சாலைக்கு மீதி மருந்தே தாராளம்.

1 மணிக்குக் கழற்றினால், பாதி அளவு ஞாயிறு இரவு 10:30-க்கு. கால் பங்கு திங்கள் காலை 8 மணிக்கு. எட்டில் ஒரு பங்கு திங்கள் மாலை 5:30-க்கு. பதினாறில் ஒன்று செவ்வாய் அதிகாலை 3 மணிக்கு. இது சராசரிக் கணக்கு. ஒருவருக்கு இதைவிட வேகமாக, ஒருவருக்கு மெதுவாக நடக்கும். ஆனாலும் ஒன்று தெரிகிறது: திங்கள் காலை காலைப் பலகாரம் சாப்பிடும்போதும் மருந்து முழுவதும் போய்விடவில்லை. இரவு 9 மணிக்குக் கழற்றியிருந்தால் திங்கள் காலை 6:30-க்குத்தான் பாதி. எட்டு மணி நேரம் முன்னால் கழற்றியதன் லாபம் இதுதான்.

பயணத்தில் பேட்ச் போட்டவர் இளைஞராக இருந்து, திங்கள் காலை டூவீலரில் வேலைக்குப் போகிறார் என்றால் இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு. பேட்ச் போட்டிருக்கும் நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது. கழற்றிய பிறகு குறைந்தது ஒரு முழு நாள் ஒதுக்குவதுதான் எங்கள் பரிந்துரை, அதற்குள் பார்வை தெளியவில்லை, தலை கனக்கிறது என்றால் இன்னும் ஒரு நாள். மலைச்சாலையில் ஓட்டும் டிரைவருக்கு இதை ஒட்டிவிடுவது மகா ஆபத்து. சில டிரைவர்களே கேட்டு வாங்கி ஒட்டிக்கொள்வதுண்டு.

கழற்றும் முறையிலும் ஒரு விஷயம். கழற்றிய பேட்ச்சில் மருந்து தீர்ந்திருக்காது. மூன்று நாள் தருவதைவிட அதிகமாகவே அதில் வைத்திருக்கிறார்கள். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, குழந்தைகளும் நாயும் எடுக்க முடியாத குப்பையில் போட வேண்டும். வேன் ஜன்னல் வழியாக எறிவதோ, திண்ணை ஓரத்தில் வைப்பதோ கூடாது. கழற்றிய இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பசையோடு ஒட்டிய மருந்து அங்கே இருக்கும்.

இனி வெயில். மே மாத மதியத்தில் செட்டிநாட்டுக்குள் திரும்பும் குடும்பத்துக்கு இது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். இந்த மருந்து வியர்வையைக் குறைக்கிறது. கொடைக்கானல் குளிரில் அது தெரியாது. திண்டுக்கல் தாண்டி ஏ.சி. இல்லாத வேனில் வரும்போது, வெளியே எரிக்கும் வெயிலில், உடல் தன்னைக் குளிர்விக்கும் முக்கிய வழியான வியர்வை போதுமான அளவு வராது. உடலுக்குள் சூடு ஏறும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜூனில் இந்த பேட்ச்சுக்கு இதையே தனி எச்சரிக்கையாகச் சேர்த்தது: உடல் வெப்பம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை, சில மரணங்கள், பெரும்பாலும் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடமும் 60 வயதைத் தாண்டியவர்களிடமும். நம் ஆச்சியின் வயது அந்த வரம்புக்குள்தான் வருகிறது. தோல் சூடாக, வறட்சியாக, வியர்வையே இல்லாமல் இருக்கிறது, ஆள் குழம்பிப் பேசுகிறார் அல்லது கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்வதில்லை என்றால், பேட்ச்சை உடனே பிய்த்தெடுத்து, நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் இருந்து பழனிக்கு நடக்கும் பாதயாத்திரையிலோ, சித்திரை வெயிலில் திருவிழாக் கூட்டத்திலோ இதை ஒட்டிக்கொண்டு நடக்கவே கூடாது. அது வாந்தி வராத பயணம் வேறு!

இன்னும் ஒரு குழப்பம் கழற்றிய பிறகு வரும். சிலருக்கு, அதிலும் பல நாள் தொடர்ந்து போட்டவர்களுக்கு, கழற்றி ஒரு நாளோ அதற்கு மேலோ ஆன பிறகு தலைசுற்றல், குமட்டல், தலைவலி, நடக்கும்போது தள்ளாட்டம் வரலாம். வண்டியே ஏறவில்லை, வீட்டில்தான் இருக்கிறார், ஆனாலும் வாந்தி உணர்வு. ‘பயண நோய் திரும்பிவிட்டது’ என்று இன்னொரு பேட்ச்சை எடுத்து ஒட்டினால் சுழற்சி நீளும். மருந்துக்குப் பழகிய உடல், மருந்து போனதும் எதிர்த்திசையில் அசைகிறது, அதுதான் விஷயம். இது சில நாள் இருந்து தானாக அடங்கும். வித்தியாசம் காண எளிய வழி: கழற்றிய முதல் சில மணி நேரத்தில் வருவது தூக்கமும் வறட்சியும் மங்கலும், அவை மருந்தின் மிச்சம், குறைந்துகொண்டே போகும். ஒரு நாள் கழித்துப் புதிதாகக் கிளம்புவது தலைசுற்றல் என்றால், அது மருந்து நீங்கியதன் அதிர்வு. தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கலாம்.

அப்படியானால் ஆச்சிக்கு இந்த பேட்ச் தேவைதானா? எங்கள் கருத்து, கொடைக்கானல் போய் வர இது அவசியமில்லை. மலை ஏறும் இரண்டு மணி நேரம், இறங்கும் இரண்டு மணி நேரத்துக்காக மூன்று நாள் மருந்தைச் சுமப்பது கணக்குக்கு ஒவ்வாதது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஆடும் கப்பலில், உதாரணமாகச் சென்னையில் இருந்து அந்தமான் போகும் கப்பலில் போகிறவருக்கு இது பொருந்தும். அதற்காகத்தான் மூன்று நாள் என்று வடிவமைத்தார்கள். மலைக்கு, பயணத்துக்கு முன் போடும் ஒரு மாத்திரை போதும். ஆனால் அந்த மாத்திரைகளில் பலவும், ப்ரோமெதசின் போன்றவை, தாங்களும் தூக்கம் வரவழைப்பவை. பேட்ச்சும் மாத்திரையும் சேர்ந்து போட்டால் தூக்கமும் வறட்சியும் குழப்பமும் கூடும். ஒன்றை மட்டுமே. மருந்துக் கடைக்காரரிடம் வாங்கும்போது இன்னொரு குழப்பமும் நடப்பதுண்டு: வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் மாத்திரையிலும் ஹையோசின் என்றே எழுதியிருக்கும், ஆனால் அது ஹையோசின் பியூட்டைல்ப்ரோமைடு. மூளைக்குள் சரியாகப் போகாத வகை, பயண வாந்திக்குப் பயன்படாது.

பேட்ச் போடக் கூடாதவர்கள் பட்டியலை முழுதாக நினைவில் வைக்க முடியாது. வீட்டில் அடிக்கடி காணும் இரண்டு பேரை மட்டும் சொல்கிறோம். புராஸ்டேட் வீக்கம் இருக்கும் ஐயாவுக்கு, பேட்ச் போட்ட மறுநாள் சிறுநீர் முட்டிக்கொண்டு போகாமல் நிற்கலாம். அதைப் பயணக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. நரம்பு வலிக்கோ தூக்கத்துக்கோ அமிட்ரிப்டிலின் சாப்பிடும் அப்பத்தாவுக்கு, ஏற்கெனவே அந்த மாத்திரையே அசிட்டைல்கோலினின் வழியை மறிக்கிறது. மேலே பேட்ச் ஏறினால் ஆள் தெரியாமல் பேசுவது, இல்லாதவரைப் பார்ப்பது வரை போகலாம். சளி மருந்து, அரிப்பு மருந்து, சிறுநீர் அடிக்கடி வருவதற்கான மருந்து இவற்றிலும் அதே குணம் உள்ளவை பல. மருத்துவர் சொல்லாமல் சிறுவர்களுக்கு ஒட்டவே வேண்டாம். பேட்ச் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் கழற்றிவிட வேண்டும். வெளிப்படலத்தில் அலுமினியம் இருக்கிறது, இயந்திரத்துக்குள் சூடேறித் தோல் பொசுங்கும்.

கடைசியாக, ஆன்லைனில் இதே இடத்தில் ஒட்டுவதாக விற்கும் மூலிகை ஸ்டிக்கர்கள் பற்றி. பெட்டியில் ஸ்கோபொலமைன் அல்லது ஹையோசின் என்று அளவோடு எழுதியில்லை என்றால் அது வேறு பொருள். அதில் இந்தக் கணக்குகளுக்கு வேலை இல்லை. வாந்தி நிற்கும் என்றும் அதை நம்ப முடியாது. அலமாரியில் கிடக்கும் பழைய பெட்டிக்குள் எது இருக்கிறது என்று முதலில் எடுத்துப் படித்துப் பாருங்கள். காலாவதி தேதியும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.